பகல் வெளிச்சத்தில் நேரலைக் கிரிக்கெட்: பந்து மறைகிறது, புல் மின்னுகிறது. டிவியை எப்படிச் சீரமைப்பது?

வாசகசாலைக் காப்பாளர், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்கு உறுப்பினர்கள் பணம் திரட்டி 55 அங்குல எல்.இ.டி. டிவி ஒன்றை வாங்கியிருக்கிறோம். பேனல் 120 ஹெர்ட்ஸ் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். செய்தி பார்க்கும்போது குறையொன்றும் தெரியவில்லை. கிரிக்கெட் போட்டால்தான் மூன்று குறைகள் ஒன்றாகத் தலைகாட்டுகின்றன.

மட்டையாளர் கவர் திசையில் ஓங்கி அடித்ததும் கேமரா பந்தைத் துரத்துகிறது அல்லவா, அந்த நேரத்தில் பந்து சில சமயம் இரண்டாகத் தெரிகிறது, சில சமயம் காணாமல் போய் எல்லைக் கயிற்றருகே மீண்டும் தோன்றுகிறது. இரண்டாவதாக, புல்தரை இயல்பான பச்சையாக இல்லாமல் பிளாஸ்டிக் பாய் விரித்ததுபோல் கண்ணைக் கூசுகிறது. மூன்றாவதாக, இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்ட் நமக்குப் பிற்பகல் 3:30 மணிக்குத் தொடங்குவதால், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் அடிக்கும் நேரத்தில் நிழலில் நிற்கும் வீரர்களின் முகம் தெரிவதே இல்லை.

கடையிலிருந்து வந்து பொருத்தியவர் ஸ்போர்ட்ஸ் மோடில் வைத்துவிட்டு, இதற்குமேல் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டி.டி.எச். பாக்ஸ் ஒரு ஹெச்.டி.எம்.ஐ. துளையிலும், இணையத்தில் பார்ப்பதற்கான ஸ்டிக் இன்னொன்றிலும் இணைந்திருக்கின்றன. எதிலிருந்து தொடங்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டீச்சர், களியக்காவிளை

ஸ்போர்ட்ஸ் மோடு என்பதே விளையாட்டுக்காக ஏற்படுத்தப்பட்டதுதான், ஆகையால் அதை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டு 43 அங்குல டிவியில் மோஷன் தொடர்பான எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருக்கிறேன். பந்து இரண்டாகத் தெரிந்ததே இல்லை. பெட்டியின்மேல் மோஷன் 200 என்று பெரிதாக அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினோம். பகல் நேரத்துக்கு பிரைட்னெஸை 50-லிருந்து 70-க்கு ஏற்றிவிட்டால் முகங்கள் தெரிந்துவிடும். ஆனால் பக்கவாட்டிலிருந்து விழும் வெயிலைத் திரைச்சீலை போட்டு மறைத்த பிறகுதான் எந்த செட்டிங்கும் பலன் தரும், அதை முதலில் செய்யுங்கள்.

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

திரைச்சீலை பற்றி டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

காப்பாளர் ஐயா, பந்து இரண்டாகத் தெரிவது டி.டி.எச். பாக்ஸிலா, ஸ்டிக்கிலா, இரண்டிலுமா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. அது தெரியாமல் செட்டிங்கைத் தொடுவது வீண் வேலை. உங்களிடமுள்ள போனில் ஸ்லோமோஷன் வீடியோ, வினாடிக்கு 240 படம், எடுக்கும் வசதி இருந்தால், டிவித் திரை முழுவதும் வரும்படி போனை ஆடாமல் நிறுத்தி, ஓர் எல்லைப் பந்தை இரண்டு வழியிலும் படமெடுங்கள். நேரலையில் விழும் அடியைத்தான் எடுக்க வேண்டும். மறு ஒளிபரப்பில் காட்டும் மெதுவான காட்சி தனிக் கேமராவிலிருந்து வருவது, அதை வைத்து டிவியை எடை போட முடியாது.

எடுத்ததை மெதுவாக ஓட்டும்போது பந்தைப் பார்க்காதீர்கள், எல்லைக் கயிற்றையொட்டி நிற்கும் விளம்பரப் பலகைகளின் எழுத்தைப் பாருங்கள். கேமரா திரும்பும்போது அந்த எழுத்து ஒரே சீராக நகர்கிறதா, நகர்ந்து நகர்ந்து ஓர் இடத்தில் தடுக்கிவிட்டு மறுபடி நகர்கிறதா, அல்லது எழுத்தின் ஓரம் நீர்மேல் நிழல்போல் நெளிகிறதா என்பதைச் சொல்லுங்கள். இம்மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

தறிக்காரர், நகரி

எங்கள் தறிக்கூடத்தில் இருப்பது பழைய 32 அங்குல டிவி, கேபிள்காரர் கொடுக்கும் சாதாரண சேனல்தான் வருகிறது. எங்களுக்குப் புல் மின்னுவதில்லை, மாறாகச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் மோடு போட்ட பிறகுதான் பார்க்கும்படி இருந்தது. அதனால் புல் மின்னுகிறது என்பதைக் குறையாகச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நூலின் நிறத்தைப் பிரித்தறிந்து பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பச்சையை மட்டும் உற்றுப் பார்த்து அது சரியா தவறா என்று முடிவுசெய்ய முடியாது, பக்கத்தில் வெள்ளை ஒன்று வேண்டும். உங்கள் அறையின் சுவர் என்ன நிறம்?

வாசகசாலைக் காப்பாளர், கொழிஞ்சாம்பாறை

சுவர் இளம் பச்சை ஐயா. பஞ்சாயத்துப் பணத்தில் அடித்தது, எங்களைக் கேட்டு அடிக்கவில்லை.

வேலந்தாவளம் அண்ணன் சொன்னபடி படமெடுத்துப் பார்த்தோம். டி.டி.எச். வழியாகப் பார்க்கும்போது பலகை எழுத்து தடுக்காமல் நகர்கிறது, ஆனால் ஓரங்கள் நெளிகின்றன. பீல்டர் ஓடும்போது அவர் காலைச் சுற்றி உள்ள புல்லும் சேர்ந்து இழுபடுகிறது. பந்து இரண்டாகத் தெரிவதும் இதில்தான். ஸ்டிக் வழியாகப் பார்க்கும்போது நெளிவும் இருக்கிறது, கூடவே சீரான இடைவெளியில் ஒரு தடுக்கலும் இருக்கிறது. மோஷன் மெனுவில் TruMotion என்பதன்கீழ் De-Judder, De-Blur என்று இரண்டு அளவுகள் உள்ளன. ஸ்போர்ட்ஸ் மோடில் இரண்டுமே ஏறக்குறைய உச்சத்தில் இருக்கின்றன.

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள், தடுக்கல் ஒன்று, நெளிவு ஒன்று. தடுக்கலை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் அது டிவியின் கோளாறே அல்ல.

நம் நாட்டில் ஹெச்.டி. சேனல்கள் 50 ஹெர்ட்ஸ் கணக்கில் வருகின்றன, அதாவது அசைவு வினாடிக்கு 50 தடவை பதிவாகிறது. ஸ்டிக்குகள் பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே 60 ஹெர்ட்ஸ் வெளியீட்டில் இருக்கும். 50 படங்களை 60 இடங்களில் நிரப்ப வேண்டுமென்றால், ஐந்து படத்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டியாக வேண்டும். வினாடிக்குப் பத்து முறை நிகழும் அந்த இரட்டிப்புதான் நீங்கள் கண்ட சீரான தடுக்கல். ஸ்டிக்கின் டிஸ்ப்ளே மெனுவுக்குப் போய், வெளியீட்டை 1080p 50 என்று கையால் மாற்றுங்கள். படத்தின் வேகத்துக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும் வசதி சில ஸ்டிக்குகளில் உண்டு, ஆனால் எல்லா ஆப்களும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. கிரிக்கெட் நேரத்தில் கையால் 50-இல் நிறுத்துவதுதான் நம்பகமானது. ஆப் அனுப்புவதே வினாடிக்கு 25 படம்தான் என்றால் இதற்குமேல் சீராகாது. தடுக்கல் போய்விடும், பந்து மட்டும் தாவித் தாவித் தெரியும்.

அடுத்தது நெளிவு. உங்கள் பேனல் 50 ஹெர்ட்ஸ் படத்தை 100 முறை காட்டக்கூடியது. இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவில் ஒரு படத்தை டிவி தானே கற்பனை செய்து செருகுகிறது. கேமரா திரும்பும்போது புல்லும் பலகையும் கூட்டமும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று அது துண்டு துண்டாகக் கணக்கிடும். பெரிய பொருள்களுக்கு அந்தக் கணக்கு பொருந்திவிடுகிறது. பந்துக்குப் பொருந்துவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து, வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது, அதன் விட்டமோ ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு படத்தில் இங்கே இருந்த சின்னப் புள்ளி, அடுத்த படத்தில் தன் உருவத்தைப்போல் ஏழு எட்டு மடங்கு தள்ளிப் போய்விட்டால், இரண்டும் ஒரே பொருள்தான் என்று டிவியால் கண்டுபிடிக்க முடிவதில்லை. அதனால் செருகிய படத்தில் பந்தைப் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் மங்கலாக வைத்துவிடும், அல்லது பந்து இருந்த இடத்தைப் புல்லால் நிரப்பிவிடும். உங்களுக்கு இரண்டாகத் தெரிந்ததும் காணாமல் போனதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

De-Judder என்பது வினாடிக்கு 24 படம் கொண்ட சினிமாவுக்காக வந்தது, கிரிக்கெட்டுக்கு அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். De-Blur-ஐயும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஓர் ஓவர் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பலகை எழுத்து படிக்கும்படி ஆகி, பீல்டரின் கால் ஓரம் இன்னும் நெளியத் தொடங்காத இடம்தான் உங்களுக்கு உரியது. இந்த வகை டிவிகளில் பெரும்பாலும் 2, 3 என்ற அளவில்தான் அந்த இடம் அமைவதைப் பார்த்திருக்கிறேன். Samsung டிவி வைத்திருப்பவர்கள் இதே வேலையை Picture Clarity Settings-இன்கீழ் Judder Reduction, Blur Reduction என்ற இரண்டிலும், Sony வைத்திருப்பவர்கள் Motionflow-வின்கீழ் Smoothness என்பதிலும் செய்யலாம்.

நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று இருக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள். அடுத்தடுத்த படங்களைக் கலந்து புள்ளிகளைத் துடைப்பது அதன் தொழில். அதன் கணக்கில் தூரத்துப் பந்தும் துடைக்க வேண்டிய ஒரு புள்ளிதான்.

டீச்சர், களியக்காவிளை

நீங்கள் சொல்வது படித்தவரை நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாம் உச்சத்தில் இருந்தும் பந்து ஒன்றாகவே தெரிகிறதே, அது எப்படி? டி.டி.எச். வழியாகத்தான் நாங்களும் பார்க்கிறோம்.

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

டீச்சர், உங்கள் 43 அங்குல மாடலின் பேனல் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான். பெட்டிமேல் உள்ள 200 என்பது நிறுவனம் தானாக வைத்துக்கொண்ட ஒரு மதிப்பெண், பேனலின் வேகம் அல்ல. 50 ஹெர்ட்ஸ் படம் உள்ளே வந்தால் உங்கள் டிவியும் 50 முறைதான் காட்டுகிறது, நடுவில் செருகுவதற்கு இடமே இல்லை. ஆகவே அந்த அளவை எங்கே வைத்தாலும் டி.டி.எச். கிரிக்கெட்டில் வித்தியாசம் தெரியாது. அதே செட்டிங்குடன் ஒரு சினிமாவைப் போட்டுப் பாருங்கள், சீரியல்போல வழவழவென்று தெரியும்.

டீக்கடைக்காரர், மீனாட்சிபுரம்

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், என் கேள்வியும் மோஷன் பற்றியதுதான். எதிர்க்கடையில் விக்கெட் விழுந்துவிட்டது என்று கத்துகிறார்கள், என் கடையில் அப்போதுதான் பந்துவீச்சாளர் ஓடி வருகிறார். மோஷனை நிறுத்திவிட்டால் எங்கள் டிவியும் நேரத்துக்கு வந்துவிடுமா? எதிர்க்கடையில் டிஷ், என்னிடம் மொபைல் இணையம்.

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

வராது அண்ணாச்சி. மோஷன் வேலையால் ஏற்படும் தாமதம் வினாடியின் சிறு பகுதிதான். உங்களுக்கு ஒரு பந்து அளவுக்குப் பின்தங்குவது, இணைய ஒளிபரப்பு படத்தைத் துண்டுகளாகச் சேர்த்து வைத்து அனுப்புவதால். அதற்கு டிவியில் மருந்து இல்லை, டிஷ் வாங்குவதுதான் வழி.

வாசகசாலைக் காப்பாளர், கொழிஞ்சாம்பாறை

ஸ்டிக்கை 50-க்கு மாற்றியதும் தடுக்கல் அறவே நின்றுவிட்டது. De-Judder பூஜ்யம், De-Blur 3 என்று வைத்தபின் பந்து இரண்டாகத் தெரிவதும் டி.டி.எச்.-இல் நின்றுவிட்டது. De-Blur 5-க்குப் போனால் விக்கெட் கீப்பரின் கையுறை ஓரத்தில் நெளிவு தொடங்குகிறது, அதனால் 3-லேயே நிறுத்திக்கொண்டோம். தூக்கி அடித்த பந்து கூட்டத்துக்கு நேராகப் பறக்கும்போது மட்டும் இன்னும் தொலைந்து போகிறது. அது இருக்கட்டும், புல்லுக்கு வருவோமா?

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

புல்லைச் சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் ஸ்போர்ட்ஸ் மோடிலிருந்து வெளியே வாருங்கள். பெரும்பாலான டிவிகளில் அது விவிட் மோடின் தம்பிதான். எக்ஸ்பர்ட் என்று தொடங்கும் இரண்டு மோடுகள் உங்கள் டிவியில் இருக்கும், ஒன்று வெளிச்ச அறைக்கு, ஒன்று இருட்டறைக்கு. வெளிச்ச அறைக்குரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மோடு மாறினால் மோஷன் அளவும் மாறியிருக்கும், அதை மறுபடி வைக்க மறக்காதீர்கள்.

பிறகு Color Gamut என்பதைப் பாருங்கள். அது Native-இல் இருந்தால் Auto-வுக்குக் கொண்டுவாருங்கள். ஹெச்.டி. ஒளிபரப்பு ஒரு குறிப்பிட்ட நிற எல்லைக்குள் தயாரிக்கப்படுகிறது. இப்போதைய பேனல்கள் பல அந்த எல்லையைத் தாண்டிய பச்சையையும் காட்டவல்லவை. Native என்று விட்டுவிட்டால், வந்த பச்சையை டிவி தன் முழு வலிமைக்கும் இழுத்துக் காட்டும். நீங்கள் சொன்ன பிளாஸ்டிக் பாய் அங்கிருந்துதான் வருகிறது. இதைச் செய்யாமல் கலர் அளவை மட்டும் குறைத்தால், புல் அடங்குவதற்குள் வீரர்களின் முகம் வெளிறிவிடும். ஷார்ப்னெஸையும் இறக்குங்கள், வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் இன்னொரு வெண்கோடு தெரியாத அளவுக்கு இறக்கினால் போதும். அது அதிகமாக இருந்தால் புல் நுனி ஒவ்வொன்றும் பொரிந்ததுபோல் தெரியும்.

நகரி ஐயாவின் டிவியில் நடப்பது வேறு. சாதாரண சேனலில் வரும் படத்தில் புல்லின் நுண்விவரம் முன்பே தொலைந்துவிட்டது, ஸ்போர்ட்ஸ் மோடு அதன்மேல் சாயம் ஏற்றுகிறது. விவரம் திரும்பி வராது, ஆனால் பார்ப்பதற்குத் தேறும். அவர் விருப்பம் அவருக்கு.

தறிக்காரர், நகரி

சாயம் ஏற்றுவது எங்கள் தொழில்தான், ஆகையால் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

காப்பாளர் ஐயாவுக்கு என் யோசனை இது. டெஸ்ட் ஆட்டம் ஓடும்போது புல்லை விட்டுவிட்டு வீரர்களின் வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். வெயிலில் நிற்பவரின் முதுகில் துணி மடிப்பு தெரிகிறதா? தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாக இருந்தால் கான்ட்ராஸ்ட் அதிகம், மடிப்பு தெரியும்வரை இறக்குங்கள். பிறகு அந்த வெள்ளை நீலம் போட்டு வெளுத்த வேட்டி நிறத்தில் இருக்கிறதா, பழுப்பேறிய வெள்ளையா என்று பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் பச்சையும் குளிர்ந்து நஞ்சுப் பச்சையாகத்தான் தெரியும். கலர் டெம்பரேச்சரை வெதுவெதுப்பான பக்கம் நகர்த்தினால் புல் தானே காய்ந்த பச்சைக்கு வந்துவிடும். உங்கள் சுவர் பச்சையாக இருப்பதும் கண்ணை ஏமாற்றும். பச்சையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு வெள்ளை சற்றே சிவந்து தெரியும், அதைச் சரிசெய்யப்போய் பச்சையை இன்னும் ஏற்றிவிடுவீர்கள். டிவிக்குப் பின்னால் உள்ள சுவரில் மட்டுமாவது ஒரு வெளிர்சாம்பல் துணியைக் கட்டிவிட்டுப் பாருங்கள்.

டீச்சர், களியக்காவிளை

வெதுவெதுப்பான பக்கம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரவில் அது அழகாக இருக்கலாம். பகலில் ஜன்னல் திறந்திருக்கும்போது பார்த்தால் சட்டையெல்லாம் சேற்றுநீரில் துவைத்ததுபோல் தெரிகிறது.

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

டீச்சர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஒளிபரப்புக்காரர்கள் நிறத்தைச் சரிபார்க்கும் மானிட்டரின் வெள்ளை, நம் டிவிகளில் கடைசி வெதுவெதுப்பு என்று இருப்பதற்கு அருகில் இருக்கும். ஆனால் அவர்கள் வெளிச்சம் அடக்கிய அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிழல் பக்கத்து வானத்திலிருந்து ஜன்னல்வழி வரும் வெளிச்சம் அதைவிட நீலமானது, அதன் அருகில் வைத்துப் பார்த்தால் சரியான வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும். பகலுக்கு நடு அளவு, இரவுக்குக் கடைசி அளவு என்று நான் வைத்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் இதில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை கிடையாது.

எந்தப் புல்லை வைத்தும் டிவியை இறுதியாகத் திருத்திவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மைதானத்துக்கு மைதானம் புல் வேறு, வெட்டும் திசைக்கேற்ப ஒரு பட்டை வெளிர்ந்தும் அடுத்த பட்டை இருண்டும் தெரியும், போதாக்குறைக்கு ஒவ்வொரு நாட்டு ஒளிபரப்பிலும் கேமரா நிறத்தைக் கட்டுப்படுத்துபவரின் கைவண்ணம் வேறு. சேப்பாக்கத்துக்குச் சரியாக வைத்தது லார்ட்ஸுக்குப் பொருந்தவில்லையென்றால் டிவியில் தவறில்லை.

வாசகசாலைக் காப்பாளர், கொழிஞ்சாம்பாறை

Color Gamut உண்மையிலேயே Native-இல்தான் இருந்தது. Auto-வுக்கு மாற்றிய உடனேயே பின்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டை மடிப்புச் சோதனையில் கான்ட்ராஸ்ட் 100-லிருந்து 85-க்கு இறங்கியது.

ஆனால் இப்போது பகலில் படம் முன்னைவிட இருட்டாக இருக்கிறது என்று புகார் வருகிறது. டீச்சர் சொன்னபடி பிரைட்னெஸை 70-க்கு ஏற்றினால் முகங்கள் தெரிகின்றன, ஆனால் கறுப்புச் சைட்ஸ்கிரீன் சாம்பல் நிறமாகி, படம் முழுவதும் பனி மூடியதுபோல் ஆகிவிடுகிறது. எங்கள் கட்டடம் ஓட்டுக்கூரை, வெளிச்சத்துக்காக மூன்று கண்ணாடி ஓடுகள் பதித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

பிரைட்னெஸ் என்ற பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம். உங்கள் டிவியில் அது கறுப்பின் அளவை மட்டும் உயர்த்துகிறது, விளக்கைக் கூட்டுவதில்லை. விளக்கு என்பது பேக்லைட். Sony டிவிகளிலும் புதிய Samsung டிவிகளிலும் Brightness என்றாலே பேக்லைட்தான். எனவே ஒருவர் வீட்டு எண்ணை இன்னொருவர் டிவியில் வைக்கக் கூடாது. நீங்கள் பிரைட்னெஸை 50-க்கே திருப்பிவிட்டு, பேக்லைட்டை முழுதாக ஏற்றுங்கள். அதற்குமுன் எனர்ஜி சேவிங் என்பதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஏற்றியதை அது சத்தமில்லாமல் இறக்கும். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக மாறும் சென்சாரையும் நிறுத்துங்கள், கண்ணாடி ஓட்டின்மேல் மேகம் கடக்கும்போதெல்லாம் படம் ஏறி இறங்குவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டாண்டின் நிழல் பிட்ச்மேல் விழும் மாலை ஆட்டங்களில் முகம் தெரியவில்லையென்றால், காமாவை 2.2-லிருந்து 1.9-க்கு மாற்றுங்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்கும், நடுத்தர நிழல்கள் மட்டும் மேலே வரும். வெயிலில் உள்ள பாதி சற்று வெளுத்துத் தெரியும், பகலுக்கு அந்த விலை கொடுக்கலாம்.

அசைவைத் தெளிவாக்குவதற்காக நடுநடுவே கறுப்புப் படம் செருகும் வசதி சில டிவிகளில் உண்டு. பந்து கத்திபோல் தெரியும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். தெரியும்தான், ஆனால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், 50 ஹெர்ட்ஸில் படம் துடிப்பதும் கண்ணில் படும். பகலில் அதைத் தொடவே வேண்டாம்.

கண்ணாடி ஓட்டுக்கு செட்டிங் கிடையாது. வெயில் வட்டம் நேரத்துக்கு நேரம் நகர்ந்து, ஒரு கட்டத்தில் திரைமேலோ அதற்கு எதிரே உள்ள தரைமேலோ விழும். தரையில் விழுந்தாலும் திரையில் பிரதிபலிக்கும். டிவியை அணைத்துவிட்டு, பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து, 3:30-க்கும் 5 மணிக்கும் கறுப்புத் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அங்கே தெரியும் ஒவ்வொன்றும் ஆட்டத்தின்போதும் படத்தின்மேல் ஏறி நிற்கும்.

வாசகசாலைக் காப்பாளர், கொழிஞ்சாம்பாறை

அணைத்த திரையில் மேற்கு ஜன்னல் முழுதாகத் தெரிந்தது, அதற்குக் கீழே நடு ஓட்டின் வெயில் வட்டம் சிமெண்ட் தரையில் விழுந்து மின்னியது. அந்த ஓட்டுக்கு அடியில் பழைய ஃபிளெக்ஸ் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டோம். டிவியைக் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்த்ததில் ஜன்னலின் பிரதிபலிப்பு பார்ப்பவர்கள் கண்ணில் படாமல் போய்விட்டது. பேக்லைட் 100, பிரைட்னெஸ் 50, கான்ட்ராஸ்ட் 85, காமா 1.9 என்று வெளிச்ச மோடிலும், பேக்லைட் 45, காமா 2.2 என்று இருட்டு மோடிலும் வைத்திருக்கிறோம். இங்கிலாந்து ஆட்டத்தில் உணவு இடைவேளைக்குப் பிறகு, விளக்குப் போடும் நேரத்தில் மோடை மாற்றுகிறோம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் டெஸ்ட் நமக்கு விடியற்காலை 5 மணிக்குத் தொடங்குவதால், அன்றைக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கும்.

டி.டி.எச்.-இல் வைத்த அளவுகள் ஸ்டிக்குக்கு வரவில்லை என்பதை ஒருவர் கவனித்துச் சொன்னார். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கிறது போலும். எல்லா இன்புட்டுக்கும் பொருத்து என்ற கட்டளையைக் கொடுத்த பிறகு, மோஷனை மட்டும் ஸ்டிக்கில் மறுபடி கையால் வைத்தோம்.

கலர் டெம்பரேச்சரில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மூத்தவர்களுக்கு நீலம் பாய்ந்த வெள்ளைதான் வெள்ளை. இளையவர்கள் நடு அளவு வேண்டுமென்கிறார்கள். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் கட்சி ஜெயிக்கிறது.

தூக்கி அடித்த பந்து கூட்டத்தில் தொலைவது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

பழுதுபார்ப்பவர், வேலந்தாவளம்

அது டிவியின் பிழையா, ஒளிபரப்பிலேயே இல்லையா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். De-Blur-ஐயும் பூஜ்யத்தில் வைத்து, அதேபோன்ற ஓர் அடியை போனில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படமும் போனின் வீடியோவில் நான்கைந்து முறை அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும் படங்கள் எல்லாவற்றிலும் பந்து இருந்து, 3-க்கு ஏற்றியதும் ஒன்றுவிட்டு ஒன்றில் காணாமல் போனால் குற்றம் டிவியுடையது, 2-க்கோ 1-க்கோ இறக்குங்கள். பூஜ்யத்திலும் பந்து இல்லையென்றால், பல்லாயிரம் தலைகள் அசையும் கூட்டத்தை அமுக்கி அனுப்பும்போதே அந்தச் சின்னப் புள்ளி கரைந்துவிட்டது என்று பொருள், அதை எந்த டிவியும் திருப்பித் தராது. வெள்ளைப் பந்து, இரவு ஆட்டம், பின்னணியில் கூட்டம் என்று மூன்றும் சேர்ந்த அடியாகப் பார்த்து எடுங்கள், பகல் டெஸ்டில் சிவப்புப் பந்தை வைத்துச் சொன்னால் எனக்குப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

டீச்சர், களியக்காவிளை

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொலைகிறது. 60 ஹெர்ட்ஸ் பேனலில் நடுப்படமே இல்லை என்றீர்கள், அப்படியானால் எங்களுக்கு ஒளிபரப்பைத்தான் சொல்ல வேண்டுமா? எனக்கு நாய்ஸ் ரிடக்ஷன்மேல் சந்தேகமாக இருக்கிறது. இன்றிரவு அதை நிறுத்திவிட்டு, நீங்கள் சொன்னதுபோல் மகனின் போனில் எடுத்துப் பார்க்கிறேன்.

வாசகசாலைக் காப்பாளர், கொழிஞ்சாம்பாறை

நாங்களும் இன்றிரவு 7:30 ஆட்டத்தில் எடுக்கிறோம் டீச்சர். நீங்கள் டி.டி.எச்.-இல் எடுப்பதால் நாங்களும் அதே துளையில், அதே சேனலில் எடுக்கிறோம். ஒரே அடியை இரண்டு டிவியிலும் ஒப்பிட்டால் ஒளிபரப்பா டிவியா என்பது தெரிந்துவிடும்.